முதல் நாள் மின்னஞ்சலில் யாருடைய கடிகாரம்?

மென்பொருள் குழுக்களை நடத்தும் வேலை எனக்கு. புதிதாகச் சேருகிறவர்கள் வெளிநாட்டுக் குழுவுக்கு அறிமுக மின்னஞ்சல் எழுதியதும், அனுப்பும் முன் என்னிடம் காட்டுவார்கள். பெரும்பாலும் அது சுருக்கப்பட்ட பயோடேட்டாவாகத்தான் இருக்கும். படிப்பு, பழைய கம்பெனி, எத்தனை வருட அனுபவம், கடைசியில் பொழுதுபோக்கு. அதையெல்லாம் நேர்காணலிலேயே கேட்டாகிவிட்டது. அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இவரை எப்படிக் கூப்பிடுவது, எந்த வேலைக்கு இவரிடம் போவது, எத்தனை மணிக்குக் கேட்டால் ஆள் இருப்பார்?

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இங்கிருந்தே பெர்லின் குழுவில் சேர்ந்த ஒரு டெஸ்டர், "காலை 10 முதல் மாலை 7 வரை இருப்பேன்" என்று எழுதி, என்னிடம் காட்டாமலே அனுப்பிவிட்டார். எந்த ஊர் 10 என்று எழுதவில்லை. அங்கிருந்த டெவலப்பர் ஒருவர் அதைத் தன் ஊர் நேரமாக எடுத்துக்கொண்டு, வாரக் கடைசி ரிலீசுக்கு முன்னால் மாலை 5 மணிக்கு அவரை அழைத்திருக்கிறார். அது கோடைக்காலம். இவர் இருக்கும் இடத்தில் அப்போது இரவு 8:30. லேப்டாப்பை மூடி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. டெவலப்பர் காத்திருந்து பார்த்துவிட்டு, டெஸ்ட் முடியாததால் ரிலீசைத் தள்ளிவைத்தார். இருவர் மீதும் தப்பில்லை, தப்பு அந்த ஒற்றை வரியில்.

சரி, "பெர்லின் நேரம்" என்று சேர்த்துவிட்டால் போதுமா? பாதிதான் சரியாகும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னால் வைப்பார்கள். இவர் இருக்கும் இடத்தில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் இவருடைய 10 முதல் 7, பெர்லின் கணக்கில் கோடையில் காலை 6:30 முதல் மாலை 3:30. குளிர்காலத்தில் 5:30 முதல் 2:30. அமெரிக்கக் குழுவும் சேர்ந்தால் இன்னொரு சிக்கல்: அங்கே பெரும்பாலான இடங்களில் மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் வரும். ஐரோப்பா மாறாமல் அமெரிக்கா மட்டும் மாறியிருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில், பழக்கமான மீட்டிங்கூட நேரம் மாறி வந்து நிற்கும்.

அந்த டெஸ்டரும் நானும் உட்கார்ந்து அந்த மெயிலைத் திருத்தி எழுதினோம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"வணக்கம். பேமென்ட் பகுதியின் டெஸ்டிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் பிழை கண்டால் எனக்கே ஒதுக்குங்கள். பெர்லின் நேரப்படி பிற்பகல் 3:30 வரை உடனே பதில் சொல்வேன். அக்டோபர் இறுதியில் உங்கள் கடிகாரம் மாறிய பிறகு 2:30 வரை. அதற்கு மேல் எழுதினால் மறுநாள் நீங்கள் வருவதற்குள் பதில் இருக்கும். இந்த வாரம் பழைய டெஸ்ட்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்."

அவ்வளவுதான். அனுபவம் பற்றி ஒரு வரி வேண்டுமென்றால் சேர்க்கலாம், ஆனால் பழைய வாடிக்கையாளரின் பெயரைப் போடாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே பலருக்கு நினைவிருப்பதில்லை. வயது, திருமணம், குழந்தைகள் பற்றியும் முதல் மெயிலில் தேவையில்லை.

பெயர் விஷயம் என் சொந்த அனுபவம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் என் அப்பா பெயர் இருக்கிறது. கம்பெனியின் ஆள் பட்டியல் அதை முன்னால் போட்டுக் காட்டியது. நான் மெயிலில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் அப்பா பெயருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருத்தப் போனால், கேட்டவர்களுக்கே சங்கடம். "பட்டியலில் இப்படி இருக்கும், ஆனால் என்னை இப்படிக் கூப்பிடுங்கள்" என்ற ஒரு வரியை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

அனுப்பும் முன் மேனேஜரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் ஏற்கெனவே உங்களை அறிமுகம் செய்து மெயில் போட்டுவிட்டாரா? போட்டிருந்தால் புதிதாக எழுதாமல் அதற்கே பதிலாக அனுப்புங்கள். குழு முகவரி என்றால் அதில் எத்தனை பேர் என்று பாருங்கள். எட்டுப் பேருக்கு என்று நினைத்து, முழுத் துறைக்கும் போய்ச் சேர்ந்த மெயிலுக்கு நாள் முழுக்க "நல்வரவு" வந்து குவிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் என்பதற்காக உள்ளே நுழைந்த முதல் மணியிலேயே அனுப்ப வேண்டாம். நேரம் குறித்து அனுப்பும் வசதி பெரும்பாலான மெயில்களில் இருக்கிறது. திருத்திய மெயிலைப் பெர்லின் காலை 9:15க்கு வைத்தோம், அவர்கள் முதல் மீட்டிங்குக்குப் போகும் முன் கண்ணில் படட்டும் என்று.