வெட்டியது ஒரு படம், போனது வேறொரு படம்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஒரு ஊழியர் தன் குரோம்புக்கில் வந்த பிழைச்செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குழு மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினார். பிழைச்செய்திக்குப் பின்னால் பாதித் திரைக்குச் சம்பளப் பட்டியல் திறந்திருந்தது. முப்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

"நான் வெட்டித்தான் சார் அனுப்பினேன்" என்றார். பொய் சொல்லவில்லை, வெட்டியிருந்தார். ஆனால் போனது வெட்டாத படம்.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். குரோம்புக்கில் ஸ்கிரீன்ஷாட் எடுத்த நொடியிலேயே படம் இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று, Downloads கோப்புறை. இன்னொன்று, கிளிப்போர்டு. நீங்கள் Gallery-யில் திறந்து வெட்டுவது கோப்புறையில் உள்ள படத்தை மட்டும்தான். கிளிப்போர்டுக்கு அந்த விஷயமே தெரியாது. அப்புறம் Ctrl + V அழுத்தினால் பழைய முழுப்படம்தான் வந்து விழும். வெட்டியதைத் தனிக் கோப்பாகச் சேமித்தால், Downloads-இலும் முழுப்படம் தனியாக இருந்துகொண்டே இருக்கும்.

தயவுசெய்து, முழுத்திரையை எடுத்துவிட்டு வெட்டாதீர்கள். எடுக்கும்போதே தேவையான பகுதியை மட்டும் எடுங்கள்.

Ctrl + Shift அழுத்திக்கொண்டு, மேல் வரிசையில் ஒரு செவ்வகமும் பக்கத்தில் இரண்டு கோடுகளும் உள்ள விசையைத் தட்டுங்கள். வெளிக் கீபோர்டு என்றால் அது F5. Shift-ஐ விட்டுவிட்டால் கேள்வியே இல்லாமல் முழுத்திரையும் படமாகிவிடும். பாதிப் பேர் மாட்டுவது இப்படித்தான். சரியாக அழுத்தினால் திரையின் கீழே ஒரு கருவிப்பட்டை வரும். அதில் முழுத்திரை, பகுதி, சாளரம் என்று மூன்று குறிகள். நடுவில் உள்ள பகுதியைத் தேர்ந்து, வேண்டிய இடத்தைச் சுற்றி இழுங்கள். விரலை எடுத்ததும் படம் எடுத்தாயிற்று என்று நினைத்து எழுந்துபோகிறவர்கள் உண்டு. இல்லை, அது இன்னும் எடுக்கவில்லை. ஓரங்களைப் பிடித்துச் சரிசெய்ய அவகாசம் தருகிறது. மேலே டேப் பெயர்களோ, மூலையில் உங்கள் கணக்கின் படமோ உள்ளே வந்திருந்தால் இப்போதே தள்ளிவிடுங்கள். பிறகு Capture அழுத்துங்கள். மனம் மாறினால் Esc.

ஏற்கெனவே முழுப்படம் எடுத்துவிட்டீர்களா? Launcher விசையோடு V தட்டினால், கடைசியாக நகலெடுத்த ஐந்து பொருட்கள் வரும். அந்தப் படத்தை அங்கிருந்து நீக்குங்கள், Downloads-இலும் அழியுங்கள். அதன்பிறகு புதிதாகப் பகுதியை மட்டும் எடுங்கள்.

இவ்வளவு செய்தும் படமே எடுக்க முடியவில்லை என்றால், அலுவலகமோ பள்ளியோ நிர்வகிக்கிற கருவியில் அதைத் தடுத்து வைத்திருக்கலாம். அப்போது ஃபோனில் திரையைப் படம்பிடித்து அனுப்பாதீர்கள், தடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கும்.