ஒயர் அறுபடவில்லை, ஆனாலும் நெட் இல்லை: ஃபைபரை மடிக்காதீர்கள்

மோடத்தில் ஒளிச் சிக்னல் வரவில்லை என்று காட்டும் LOS விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது என்று புகார் வந்த வீட்டில் டிவி அலமாரியை நகர்த்தினால், சுவரோடு நசுங்கிய மஞ்சள் ஒயர் கிடக்கிறது. பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "ஒயர் அறுபடலையே சார், லேசா மடிஞ்சுதானே இருக்கு!" செம்புக் கம்பி மடிந்தாலும் மின்சாரம் ஓடும். ஃபைபரிலோ கண்ணாடி உடையாமலே ஒளி வெளியேறிவிடும்.

இந்த நம்பிக்கைக்குப் பள்ளிப் பாடமும் ஒரு காரணம். கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி என்று படித்திருப்போம். அதை வைத்து, எப்படி வளைத்தாலும் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே ஓடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஃபைபரில் ஒளி ஓடும் நடுப்பகுதியான கோரைச் சுற்றி இருப்பது காற்று அல்ல, கிளாடிங் எனும் இன்னொரு கண்ணாடி. கோரின் ஒளிவிலகல் எண் 1.468 என்றால் கிளாடிங்குக்கு 1.463. 1.463ஐ 1.468ஆல் வகுத்தால் வருவது மாறுநிலைக் கோணத்தின் சைன் மதிப்பு; அதன்படி கோணம் ஏறக்குறைய 85 டிகிரி. அதாவது ஃபைபரின் அச்சிலிருந்து ஐந்து டிகிரிக்குள் சாய்ந்து போகும் ஒளி மட்டுமே உள்ளே நிற்கும். கூர்மையாக மடித்தால், வளைவின் வெளிப்பக்கச் சுவரில் படும் கோணம் 85க்குக் கீழே இறங்கிவிடும். அங்கே எதிரொளிப்பு முழுமையாக நடக்காது. ஒளி கிளாடிங்குக்குள் கசியும்.

(ஒரே ஒளிப்பாதை கொண்ட ஒற்றை முறை ஃபைபரில் ஒளியை அலையாகப் பார்ப்பதே துல்லியம். அலைநீளம் கூடக் கூட அலையின் ஓரம் கிளாடிங்குக்குள் அதிகம் பரவுவதால், 1310 நானோமீட்டரை விட 1550இல் கசிவு கூடும். இரண்டிலும் அளந்து, 1550இல் மட்டும் இழப்பு பெரிதாக வந்தால் வளைவைத் தேடுங்கள். இரண்டு ஃபைபர்களை ஒட்டிய ஸ்ப்ளைஸில் கோளாறு என்றால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் காட்டும்.)

மோடத்துக்கு வரும் ஒளியின் திறன், அதன் அளவீடான டிபிஎம் கணக்கில் −19 ஆக இருந்தது, அலமாரியைத் தள்ளிய பின் −29 என்று வைத்துக்கொள்வோம். பத்து டெசிபெல் குறைந்தால் வருவது பத்தில் ஒரு பங்கு ஒளிதான். பரவலாகப் புழங்கும் பி+ வகை மோடத்துக்கு −27 வரைதான் உத்தரவாதம். மடிப்பை நீக்கியதும் −19க்குத் திரும்பினால் தப்பித்தீர்கள். திரும்பாவிட்டால் கண்ணாடியில் விரிசல் விழுந்திருக்கும். ஒயரை மாற்றியே ஆகவேண்டும்.

மிச்ச ஒயரை ஆறு சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டத்தில் சுற்றி வையுங்கள். ஜி.657 ஏ2 போன்ற ரகங்கள் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது எந்த ரகம் என்று உறையில் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். கேபிள் டை போட்டு இறுக்காதீர்கள், ஆணிக் கிளிப்பைச் சுத்தியலால் அழுத்தாதீர்கள். மோடத்துக்குப் பின்னால் செருகி வெளியே வரும் இடத்தில் ஐந்தாறு சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். மடிப்பு பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

தயவுசெய்து, கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து "வெளிச்சம் வருதா" என்று பார்க்காதீர்கள். அதில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று ஆகிவிடாது.