94 சதவீதம் என்றால் எத்தனை பேர்?

படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தவர்களில், கடந்த மாதம் மட்டும் இது நான்காவது குடும்பம். அப்பா கையில் பளபளப்பான விளம்பரக் கையேடு, பையன் கையில் மூன்று செமஸ்டர் மதிப்பெண் பட்டியல். கணினி அறிவியல் படிப்பு, ஏழு பாடங்களில் அரியர். "98 மார்க் வாங்கின பையன் சார், என்ன ஆச்சுன்னே தெரியல" என்றார் அப்பா. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். கையேட்டைத் திருப்பி மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். பெரிய எழுத்தில் "94% பிளேஸ்மென்ட்". அவ்வளவுதான் காரணம். பையனுக்கு ஆர்வம் இருந்ததா என்று கேட்டால், "எந்நேரமும் கம்ப்யூட்டர்லதான் சார் இருப்பான்." கேம் விளையாடுவதைச் சொல்கிறார். சாப்பிடப் பிடிக்கும் என்பதற்காக யாரையாவது சமையல்காரர் ஆக்குவோமா?

முதலில் அந்த 94-ஐப் பார்ப்போம். இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். கையேட்டில் இரண்டும் இருக்காது, வகுத்து வந்த விடை மட்டும் இருக்கும். வீட்டில் காய்கறிக் கணக்கைக்கூட இரண்டு முறை சரிபார்க்கிறவர்கள், பிள்ளையின் நான்கு வருடத்தை வைக்கும் இடத்தில் "எதை எதால் வகுத்தீர்கள்" என்று ஒரு கேள்வி கேட்பதில்லை.

அதே கல்லூரியில் அந்தத் துறையில் முந்தைய ஆண்டு படித்து முடித்த ஒருவர் எனக்கு அறிமுகம். படிக்கும்போது பிளேஸ்மென்ட் குழுவில் மாணவர் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். பெயர்கள் இல்லாமல் எண்களை மட்டும் சொல்லச் சொன்னேன். முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் 180 பேர். கடைசி ஆண்டுக்கு வரும்போது அரியர் வைத்திருந்தவர்களும் நடுவில் விட்டுப் போனவர்களுமாக 40 பேர் "தகுதி இல்லை" என்று கழிக்கப்பட்டார்கள். மீதி 140. அதில் மேற்படிப்பு, சொந்தத் தொழில் என்று எழுதிக் கொடுத்தவர்கள் 30 பேர். (இதில் ஒரு சிலரிடம் "உனக்கு எப்படியும் கிடைக்காது, மேற்படிப்புன்னு எழுதிக் கொடுத்துடு" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியதாகவும் அவர் சொன்னார்.) ஆக, கீழே நிற்கும் எண் 110. மேலே நிற்கும் எண் 103. 103-ஐ 110-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 94. கணக்கில் பிழையே இல்லை.

ஆனால் அந்த 103 ஆட்கள் அல்ல, ஆஃபர்கள். நன்றாகப் படிக்கும் ஒரே பெண்ணுக்கு மூன்று நிறுவனங்கள் கடிதம் கொடுத்தால் அது மூன்று. ஆட்களாக எண்ணினால் 76 பேர். அந்த 76-லும் கணினித் துறை வேலைக்குப் போனவர்கள் 31 பேர்தான். மற்றவர்கள் விற்பனை, வாடிக்கையாளர் அழைப்பு மையம் போன்ற வேலைகளுக்குப் போனார்கள். அவை கேவலமான வேலைகள் அல்ல, ஆனால் அதற்கு இந்தப் படிப்பு தேவையில்லை. இப்போது வகுத்துப் பாருங்கள். சேர்ந்த 180 பேரில் கல்லூரி மூலம் ஏதோ ஒரு வேலை கிடைத்தவர்கள் 42 சதவீதம். படித்த படிப்புக்கான வேலை கிடைத்தவர்கள் 17 சதவீதம். ஒரே வகுப்பு, ஒரே ஆண்டு, மூன்று சதவீதங்கள். கையேட்டில் அச்சாவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பையன் ஏழு அரியரோடு எந்தக் கட்டத்தில் நிற்கிறான் என்று அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நாற்பதுல" என்றார். ஆமாம். விளம்பரம் அவனைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.

சம்பளமும் இதே கதைதான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம், ஒருவருக்கு 33 லட்சம் என்றால் சராசரி 6 லட்சம். அந்த ஆறை வாங்குகிறவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. அதனால் சராசரியைக் கேட்காதீர்கள். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அப்புறம் அந்த "பேக்கேஜ்" தொகையில் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு, இலக்கை எட்டினால்தான் வரும் பணம் எவ்வளவு என்பதையும்.

இன்னொரு விஷயம். இன்றைக்கு எந்தத் துறைக்கு ஆள் கிடைக்கவில்லையோ அதில் எல்லோரும் சேர்கிறார்கள். நான்கு வருடம் கழித்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். அப்போது வேலை குறைவு, ஆள் அதிகம். பயந்துபோய் அடுத்த கூட்டம் சேராமல் விடுகிறது, சில வருடத்தில் மறுபடி ஆள் பஞ்சம். ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளாதார அறிஞர் 1970களிலேயே அமெரிக்கப் பொறியாளர்களை வைத்து இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டிவிட்டார். நாம் இன்னும் இந்த வருட நிலவரத்தைப் பார்த்துத்தான் விண்ணப்பம் எழுதுகிறோம்.

சரி, பையனுக்கு வருவோம்.

அப்பாவை வெளியே உட்காரச் சொன்னேன். பக்கத்தில் பெற்றோர் இருந்தால் ஆர்வப் பட்டியலில் பிள்ளைகள் எழுதுவது பெற்றோரின் ஆர்வத்தை. (தொழில் அனுபவம்: கதவை மூடினால் பாதிப் பதில்கள் மாறும்.) ஆனால் கதவை மூடிய பிறகும் அவன் பட்டியல் தட்டையாகத்தான் வந்தது. எல்லா வகை வேலைகளுக்கும் நடுத்தர விருப்பம். இதைப் பார்த்து "இவனுக்கு எதிலும் ஆர்வம் இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் பள்ளி, டியூஷன், கைபேசி தவிர எதையும் பார்க்காதவனிடம், தணிக்கை பிடிக்குமா, நிலஅளவை பிடிக்குமா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? பார்க்காததைப் பற்றி அவனுக்குக் கருத்து இல்லை, அவ்வளவுதான்.

அதனால் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமல் அவன் செய்த வேலைகளைக் கேட்டேன். கேம், கிரிக்கெட், வீடியோ. மூன்றாவது சந்திப்பில்தான் ஒன்று வந்தது. போன விடுமுறையில் சித்தப்பாவின் மொத்த வியாபாரக் கடையில் உட்கார்ந்திருந்தானாம். இருப்புக் கணக்கும் பில்லும் ஒத்துவரவில்லை. யாரும் கேட்காமலேயே நான்கு மாதப் பில்களை எடுத்து, ஒரே சரக்கு இரண்டு பெயரில் பதிவானதைக் கண்டுபிடித்திருக்கிறான். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாத்தேன் சார். டேலி ஆனதும்தான் தூக்கம் வந்துச்சு." அதைச் சொல்லும்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நாங்கள் தேடுவது இதைத்தான். ஒரு துறையின் பெயர் பிடிப்பது ஆர்வம் ஆகாது. அந்தத் துறையில் தினமும் செய்ய வேண்டிய வேலை, அலுப்பூட்டும் பகுதியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

திறனையும் பார்த்தோம். எண்களைச் சரிபார்க்கும் பகுதியில் வேகமும் துல்லியமும் நன்றாகவே இருந்தன. குறியீட்டுத் தருக்கம் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆறு வரி நிரல் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு என்ன என்று கேட்டேன். மூன்று செமஸ்டர் படித்தவன் திணறினான். முடியவே முடியாது என்றில்லை. வகுப்பில் மற்றவன் அரை மணி நேரத்தில் பிடிப்பதைப் பிடிக்க இவனுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. திறன் என்பதை நான் இப்படித்தான் விளக்குவேன்: ஒன்றைக் கற்க நீங்கள் கொடுக்க வேண்டிய மணி நேரம். ஒரு பாடத்தில் ஆறு மடங்கு நேரம் கொடுக்கலாம். எட்டு செமஸ்டரும் எல்லாப் பாடத்திலும் கொடுக்க நாளில் மணி போதாது.

பள்ளியில் வாங்கிய 98? கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரிந்து பயிற்சி செய்து வாங்கியது. உழைப்பாளி என்பதற்கு அது நல்ல சாட்சி. நிரல் எழுத வரும் என்பதற்கு இல்லை.

திறன் சோதனையிலும் ஒரு எச்சரிக்கை. எந்த மதிப்பெண்ணுக்கும் மேலும் கீழும் பிழை இடைவெளி உண்டு. ஒரு பகுதியில் 62, இன்னொன்றில் 58 என்பதை வைத்துக்கொண்டு படிப்பைத் தேர்வு செய்யாதீர்கள். நாளை எழுதினால் அது இடம் மாறலாம். பெரிய இடைவெளிகளுக்குத்தான் மதிப்பு. கைரேகையை வைத்துத் திறனைச் சொல்கிறோம் என்று வருகிறவர்களைத் தயவுசெய்து வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது.

சேர்வதற்கு முன்பே இதையெல்லாம் வீட்டிலேயே செய்திருக்கலாம் என்பதுதான் எனக்கு எரிச்சல். நினைக்கிற படிப்பின் முதல் செமஸ்டர் பாடநூலை நூலகத்திலிருந்து எடுத்து, பத்து நாள், தினமும் இரண்டு மணி நேரம், பயிற்சிக் கணக்குகளைப் போடச் சொல்லுங்கள். பதினோராம் நாள் தானாகப் புத்தகத்தைத் திறக்கிறானா என்று பாருங்கள், எதுவும் பேசாமல். அப்புறம் மூன்று வருடம் முன்பு அதை முடித்த மூன்று பேரிடம் பேசுங்கள். கல்லூரி அறிமுகப்படுத்தும் ஆட்கள் வேண்டாம். மூவரில் ஒருவராவது வேலை கிடைக்காதவராக இருக்கட்டும். "வேலை எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயந்தரம் வரை என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். கல்லூரியிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆட்களுக்கு வேலை, அதில் துறை சார்ந்தது எத்தனை என்று நான்கு எண்களை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டும் முன், விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் படியுங்கள்.

கடைசிச் சந்திப்பில் கணக்கியல் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசினோம். "மார்க் கம்மியானவங்க படிக்கிறது சார் அது" என்று பையனே முனகினான். கணக்குத் தணிக்கை செய்யும் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு வாரம் சும்மா உட்கார அனுப்பினேன். திரும்பி வந்தவன் அதற்கப்புறம் அந்த "மார்க் கம்மி" பேச்சை எடுக்கவில்லை. ஒன்றரை வருடம் போனது போனதுதான், அதை நான் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "அதுல பிளேஸ்மென்ட் எத்தனை பர்சென்ட் சார்?" என்றார்.

நான்கு கேள்விகள் எழுதிய தாளை அவரிடம் நீட்டினேன். அங்கேயே உட்கார்ந்து ஒரு கல்லூரிக்குப் போன் போட்டார். "உங்ககிட்ட முதல் வருஷம் எத்தனை பேர் சேர்ந்தாங்க? இல்லீங்க, பர்சென்ட் வேணாம், ஆளு எத்தனை?" எதிர்முனையில் யாரோ, கொஞ்சம் லைனில் இருங்கள் என்றார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.