இசைவாணையில் அச்சிடாத தேதிகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயல் என்றாலே அரிசி மில்தான். அங்கே ஒரு புழுங்கல் அரிசி மில்லில் கணக்கு பார்க்கும் தம்பியிடம், மில்லை இயக்க மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் எத்தனை தேதிகள் இருக்கின்றன என்று கேட்டேன். "ஒண்ணே ஒண்ணுதாண்ணே. 31.03.2027. அதுக்குள்ள ரினுவல் பண்ணணும்" என்றார். அன்று மதியச் சாப்பாடு வரை இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். நாட்காட்டியில் ஏற்ற வேண்டியவை என்று பதினொன்று தேறின. அவற்றில் நாளும் மாதமுமாக அச்சிட்டிருந்தவை இரண்டே இரண்டு. மற்ற ஒன்பதும் வாக்கியமாக இருந்தன. தேதியாக நாம்தான் மாற்ற வேண்டியிருந்தது.

இசைவாணையிலிருந்து நாட்காட்டி போடுவதில் உள்ள வேலை முழுக்க இந்த மாற்றம்தான். பலர் இதைத் தேதி தேடும் வேலை என்று நினைக்கிறார்கள். 'ஆணை கிடைத்த மூன்று மாதத்துக்குள்', 'முடிவதற்கு 60 நாள் முன்பு', 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை' என்றெல்லாம் வரும்போது அங்கே தேட எந்தத் தேதியும் இல்லை. எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், எவ்வளவு எண்ண வேண்டும் என்று இரண்டு விஷயம் தெரிந்தால்தான் தேதி பிறக்கும். எவ்வளவு என்பது வாக்கியத்திலேயே இருக்கும். எந்த நாளிலிருந்து என்பது பெரும்பாலும் வேறு பக்கத்தில் இருக்கும். தப்பு நடப்பது அங்கேதான்.

மில்லுக்குக் கையில் இருந்தவை இரண்டு ஆணைகள். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ் ஒன்று, 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழ் இன்னொன்று. நெல் ஊறவைத்த தண்ணீர் முதலாவதில் வருகிறது. உமி எரிக்கும் பாய்லரின் புகைபோக்கி இரண்டாவதில் வருகிறது. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை மூடி வைத்துவிடுகிறார்கள். நிபந்தனைகள் பாதிக்கு மேல் வேறு வேறு.

முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். விண்ணப்பித்த நாள், அதிகாரி வந்து பார்த்த நாள், முந்தைய ஆணையின் நாள், இந்த ஆணையின் நாள், செல்லுபடியாகும் கடைசி நாள் என்று ஐந்து தேதிகள் வரிசையாக நிற்கும். கணினியில் தேதி வடிவத்தைத் தேடச் சொன்னால் ஐந்தையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனால் நாட்காட்டிக்கு நேராகப் போகிறது ஒன்றுதான். ஆணையின் நாளான 12.06.2024 எண்ணத் தொடங்கும் நாளாகப் பயன்படும். மற்ற மூன்றும் கோப்பின் வரலாறு. அதனால் எடுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது என்ன நாள் என்று எழுதியே ஆக வேண்டும்.

இந்த ஆணையில் நீர் அளவு மானியை 'ஆணை கிடைத்த மூன்று மாதத்துக்குள்' பொருத்தச் சொல்லியிருந்தது. ஆணை கிடைத்த நாள் எது? இணையத்தில் ஏறிய நாளா, மில்காரர் இறக்கிப் பார்த்த நாளா? இப்படி இரண்டு பொருள் வரும் இடத்தில் எந்தக் கணக்கில் கெடு முன்னதாக வருகிறதோ அதையே எடுப்பது என் வழக்கம். ஆணையின் நாளிலிருந்தே எண்ணி 12.09.2024 என்று போட்டோம்.

அடுத்தது புதுப்பிப்பு. தம்பி மனதில் வைத்திருந்த 31.03.2027 விண்ணப்பிக்க வேண்டிய நாள் இல்லை. அது ஆணை செத்துப்போகும் நாள். முடிவதற்கு 60 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்று கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. 60 நாளை இரண்டு மாதம் என்று மனக்கணக்காகப் போட்டால் ஜனவரி 31 வரும். பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதால் உண்மையில் வருவது வேறு:

```python
from datetime import date, timedelta
date(2027, 3, 31) - timedelta(days=60)   # 2027-01-30
```

ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விட முடியாது. ஜனவரி 30 சனிக்கிழமை. கட்டணத்திலோ இணைப்பிலோ ஏதாவது சிக்கல் வந்தால் விசாரிக்க அலுவலகம் திறந்திருக்காது. ஆகவே வேலை முடிய வேண்டிய நாள் 29, வெள்ளி. அதற்கும் பின்னால் போக வேண்டும். விண்ணப்பத்தோடு புகைபோக்கி மாதிரிப் பரிசோதனை அறிக்கை வேண்டும். மாதிரி எடுக்க பாய்லர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மில்லில் தை நெல் வருவதற்கு முன், மார்கழியில்தான் பாய்லரை நிறுத்திச் சுத்தம் செய்வார்கள். ஜனவரியில் ஆய்வகத்தைக் கூப்பிட்டால் அணைந்த அடுப்பில் அளக்க எதுவும் இருக்காது. எனவே நாட்காட்டியில் முதல் நினைவூட்டல் கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில் போய் உட்கார்ந்தது. இது எந்த ஆணையிலும் எழுதியிருக்காது. மில் நடக்கும் விதம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் வரும்.

சரி, நாற்பது ஐம்பது நிபந்தனைகளில் எது நாட்காட்டிக்கு, எது இல்லை என்று எப்படிப் பிரிப்பது? நான் வினைச்சொல்லைப் பார்க்கிறேன். சமர்ப்பி, விண்ணப்பி, அறிக்கை கொடு என்று சொன்னால் அதற்கு ஒரு கெடு உண்டு. மாதிரி எடு, அளந்து பார் என்று சொன்னால் அது திரும்பத் திரும்ப வரும். பராமரி, உறுதிசெய் என்று சொன்னால் எப்போதும் இருக்க வேண்டிய நிலை. இன்னது நடந்தால் உடனே தெரிவி என்று சொன்னால் அந்தச் சம்பவம் நடந்தால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆணைகள் ஆங்கிலத்தில் இருப்பதால், முதல் சல்லடையாக இந்தச் சொற்களைத் தேடுவேன்:

```
(within|before|prior to|not later than|once in|every|half[- ]yearly)
```

இதில் சிக்கும் வரிகளை நம்பலாம்; சிக்காத வரிகளில் ஒன்றும் இல்லை என்று மட்டும் நம்பக்கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடர்ந்து இயக்கி, அறிக்கையைக் காலாண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்று ஒரே நிபந்தனை இருந்தது. காலாண்டு என்பதற்கான சொல் மேலே உள்ள பட்டியலில் இல்லை. தவிர, ஒரே எண்ணின் கீழ் இரண்டு வேலை. ஒன்று எப்போதும் இருக்க வேண்டியது, மற்றது வருடத்துக்கு நான்கு முறை வருவது. இதை இரண்டு வரியாக உடைக்காவிட்டால் முதல் பாதியைப் பார்த்துவிட்டு 'பராமரிப்பு' என்று ஒதுக்கிவிடுவோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதை நாட்காட்டி மென்பொருளில் போடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஆகஸ்ட் 31இல் தொடங்கி இப்படி ஒரு விதி கொடுத்தால்:

```
DTSTART;VALUE=DATE:20260831
RRULE:FREQ=MONTHLY;INTERVAL=6
```

பிப்ரவரியில் 31 கிடையாது. இல்லாத தேதியை விட்டுவிட வேண்டும் என்பதே இந்த வடிவத்தின் விதி. எனவே பிப்ரவரி நினைவூட்டல் வராது. பிழைச் செய்தியும் வராது. அடுத்த ஆகஸ்டில்தான் மணி அடிக்கும். மாதக் கடைசியில் எதையும் தொடங்க வேண்டாம். 25ஆம் தேதிக்குள் வைத்துக்கொண்டால் போதும். அதைவிட நல்லது, ஒருமுறை மாதிரி எடுத்ததும் அந்த நாளிலிருந்து அடுத்த ஒன்றை மட்டும் போடுவது.

ஒன்பது வாக்கியங்களுக்கு நடுவே அச்சிட்ட இன்னொரு தேதி செப்டம்பர் 30. மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிவம் 5இல் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய நாள் அது. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளிலிருந்து வருவதால், ஆணை மாறினாலும் இந்தத் தேதி மாறுவதில்லை. ஜெனரேட்டரின் பழைய எண்ணெய் அப்படி இல்லை. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதி. அந்த 90 நாள் எண்ணெய் மாற்றிய அன்று தொடங்குகிறது. ஆகவே இதற்கான தேதி நாட்காட்டியில் முன்கூட்டி இருக்க முடியாது. மெக்கானிக் எண்ணெய் மாற்றிய அன்று யாராவது எழுத வேண்டும்.

தேதியே இல்லாத நிபந்தனைகளை என்ன செய்வது? ஜெனரேட்டர் புகைக்குழாயின் உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: `H = h + 0.2√KVA`. கட்டடம் 6 மீட்டர், ஜெனரேட்டர் 100 கேவிஏ என்றால் மேலே 2 மீட்டர் சேர்த்து மொத்தம் 8 மீட்டர். இதற்குக் கெடு கிடையாது, ஆனால் அதிகாரி வந்தால் நிமிர்ந்து பார்ப்பது இதைத்தான். நீர்ச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அவருக்கு எந்த நேரத்திலும் உள்ளே வர அதிகாரம் தருகிறது. அவர் வரும் நாளை நாட்காட்டியில் போட முடியாது. அதனால் இப்படிப்பட்ட நிபந்தனைகளை எல்லாம் தனியாக ஒரு சுற்றிப் பார்க்கும் தாளில் எழுதி, மாதம் ஒரு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மில்லைச் சுற்றி வருவதை மட்டும் நாட்காட்டியில் வைத்தோம். தினமும் எழுத வேண்டிய மீட்டர் பதிவேடும் இதில் சேர்ந்துவிடும். அதற்கு 365 நினைவூட்டல் போட்டால் பத்தாம் நாளே எல்லாரும் மணியை அணைத்துவிடுவார்கள்.

நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் பட்ட அடி ஒன்று. வேறொரு மில்லுக்குப் புதுப்பிப்பு ஆணை இரண்டே பக்கத்தில் வந்திருந்தது. ஆறு நிபந்தனைகளையும் அழகாக எடுத்துப் போட்டேன். முந்தைய ஆணையின் நிபந்தனைகள் தொடர்ந்து பொருந்தும் என்ற ஐந்தாவது வரியை வெறும் சம்பிரதாயமாக நினைத்துக் கடந்துவிட்டேன். அந்த முந்தைய ஆணையில்தான் ஆறு மாதப் புகைபோக்கிப் பரிசோதனை இருந்தது. ஒரு வருடம் கழித்து ஆய்வுக்கு வந்தவர் அறிக்கை கேட்டபோது எங்களிடம் ஒன்றுகூட இல்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதற்குப் பதில் எழுதும்போது முதலாளி முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இப்போது அப்படி ஒரு வரியைப் பார்த்தால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆணை வரை போகாமல் விடுவதில்லை.

அங்கே போனால் அடுத்த தொல்லை காத்திருக்கும். பழைய ஆணை ஸ்கேன் செய்த நகலாக இருக்கும். தேதியின் மேலேயே வட்ட முத்திரை விழுந்திருக்கும். ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் 3ஐ 8 என்று படித்து 31.08 ஆக்கிவிடும். ஆகஸ்டுக்கும் 31 உண்டு என்பதால் கணினிக்குச் சந்தேகமே வராது. நமக்கு வர வேண்டும். இசைவாணைகள் வழக்கமாக மார்ச் 31இல் முடிகிறவை. வேறு நாள் வந்தால் மூலத்தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

எதுவும் விட்டுப்போகவில்லை என்று சரிபார்க்க, செட்டிநாட்டில் கணக்கு எழுதிய பழைய ஆட்களின் வழியைத்தான் கையாள்கிறேன். பேரேட்டில் ஒவ்வொரு பற்றுக்கும் குறிப்பேட்டின் பக்கம் இருக்கும். கடைசியில் ஐந்தொகை இடித்தால் எங்கோ பதிவு தவறியிருக்கிறது. அதே போல ஒவ்வொரு வரிக்கும் ஆணை, பக்கம், நிபந்தனை எண் மூன்றையும் எழுதுகிறோம். இந்த மில்லின் இரண்டு ஆணைகளில் 46 நிபந்தனைகள். உடைத்தபின் எங்கள் பேரேட்டில் 57 வரிகள். வரிகள் கூடலாம், ஆனால் 46 எண்களும் குறைந்தது ஒரு தடவை வந்திருக்க வேண்டும். முதல் தடவை சரிபார்த்தபோது 45தான் வந்தது. காற்று ஆணையின் 14ஆவது நிபந்தனை பக்கம் மாறும் இடத்தில் இரண்டாக உடைந்து, பாதி கீழே, பாதி மறுபக்கம் மேலே கிடந்தது. உமிச் சாம்பலை அள்ளிச் செல்பவரின் பதிவேட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்பது அதில் இருந்தது. தம்பி பேனாவை எடுத்துப் பதினொன்றாவது தேதியாக அதை எழுதிவிட்டுத்தான் சாப்பிட எழுந்தார்.