ஆடிக்குட்டிகளுக்காக வடக்கு வரப்பில் ஒரு வரிசைச் சவுண்டல்

ஆடி மாதத்தில் என்னைத் தேடி வருகிற வெள்ளாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையோடுதான் வருகிறார்கள்: "குட்டி போட்டு நாலு நாளாகிறது ஐயா, மடியில் பாலே இறங்கவில்லை. ஊசி ஒன்று போட்டுவிடுங்கள்." தொண்டிக்கும் திருவாடானைக்கும் இடைப்பட்ட ஊர்களில் கால்நடை மருத்துவராக ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த ஆட்டைப் பார்க்கும் முன்பே அதன் கதை பாதி தெரிந்துவிடும். கடலோரத்துக் கொடி ஆடு, நெடுங்கால், ஒட்டிய வயிறு, முதுகெலும்பில் கை வைத்தால் ஒவ்வொரு முடிச்சும் எண்ணலாம். மடியில் நோய் இருக்காது. சுரப்பதற்கு உடம்பில் ஒன்றும் இருக்காது.

இங்கே நெல் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைக்கப்பட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, தை, மாசியில் அறுவடையாகிறது. அறுத்த தாளிலும் வரப்புப் புல்லிலும் ஆடுகள் மாசி, பங்குனியில் உடம்பு தேறிச் சினைக்கு வருகின்றன. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம். ஆக, வயிற்றுக் குட்டி வேகமாக வளரும் கடைசி மாதமும் பால் கொடுக்கும் முதல் மாதமும் ஆனி, ஆடி, ஆவணியில் வந்து விழுகின்றன. கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும் நேரம் அது. அப்போது கிடைப்பது வைக்கோலும், சீமைக்கருவேல் நெற்றும், காற்றில் உதிரும் வேப்பஞ்சருகும்தான்.

வைக்கோல் நிறையக் கொடுத்தாலும் ஆடு ஏன் தேறுவதில்லை? ஆட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்துச் செரிக்க வைக்கின்றன. அவை உயிரோடு பெருக, தீனியில் நூற்றுக்கு 7 பங்காவது புரதம் வேண்டும். வைக்கோலில் 3, 4 பங்குதான் இருக்கிறது. அதனால் தின்ற வைக்கோல் உடையாமல் வயிற்றிலேயே தங்குகிறது. வயிறு நிறைந்திருப்பதால் ஆடு மேற்கொண்டு தின்பதுமில்லை. இந்த இடத்தில்தான் மரத்தழை உதவுகிறது. சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்கிற மரத்தின் உலர்ந்த இலையில் புரதம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கும். வைக்கோலோடு ஒரு பிடி சேர்த்தால், அந்த இலையின் சத்து கிடைப்பதோடு, வீணாகப் போய்க்கொண்டிருந்த வைக்கோலும் செரிக்கத் தொடங்குகிறது.

ஒரு குடும்பத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே ஓர் ஊர். 1 ஏக்கர் மானாவாரி நெல், 6 தாய் ஆடுகள், வீட்டைக் கவனிப்பது ஓர் அம்மா. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆடிக்குட்டிகள் பிறந்த வாரத்திலேயே செத்தன. வரப்பில் மரம் வைக்கலாம் என்றதும் அவர் சொன்ன முதல் பதில், "நிழல் விழுந்தால் நெல் என்னாவது?" என்பதுதான். சரியான கேள்வி. நம் பயிர்க்காலமான ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து நகர்கிறது. அதனால் வடக்கு வரப்பில் நிற்கும் மரத்தின் நிழல் பெரும்பாலும் வயலுக்கு வெளியே, வடக்கே விழும். அவருக்கு வடக்கே வண்டிப்பாதை. அடுத்தவர் வயலாக இருந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்; வரப்புத் தகராறு ஆட்டைவிடப் பெரிய செலவு.

சதுரமான 1 ஏக்கரில் ஒரு பக்க வரப்பு ஏறக்குறைய 60 மீட்டர் வரும். மீட்டருக்கு ஒன்றாக 60 கன்று. விதையை அவர் ஆடி மாதமே வீட்டில் பையில் போட்டார். சவுண்டல் விதைத்தோல் கெட்டியானது. அப்படியே போட்டால் ஒழுங்காக முளைக்காது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, 80 டிகிரி அளவுக்கு வந்ததும் விதையைப் போட்டு 4, 5 நிமிடம் வைத்து, உடனே பச்சைத் தண்ணீருக்கு மாற்றி இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். காலையில் உப்பிய விதை முளைக்கும். உப்பாமல் கிடப்பதை மறுபடி வெந்நீரில் போடலாம்.

முதல் மழை இறங்கியதும் நட்டோம். அந்த ஆண்டு நான் ஒரு தவறு செய்தேன். வரப்பின் மேற்குக் கோடி தாழ்ந்து கிடந்ததைப் பார்த்தும், மழை வந்தால் வடிந்துவிடும் என்று நினைத்தேன். கார்த்திகையில் அங்கே பத்து நாள் தண்ணீர் நின்றது. ஈரத்தில் நிற்கும்போதே கன்றுகள் வாடின, அடியிலை மஞ்சளாகி உதிர்ந்தது. சவுண்டல் வறட்சியைத் தாங்கும், நிற்கும் தண்ணீரைத் தாங்காது. அந்தக் கோடியில் வைத்தது ஒன்றும் மிஞ்சவில்லை. தாழ்ந்த இடத்தில் வரப்பை முழங்கால் உயரம் அணைத்துக் கட்டிய பிறகே நட வேண்டும், அல்லது அங்கே வேறு மரம் வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மாசியில் வந்தது. அறுவடை முடிந்ததும் வயல்கள் எல்லாருடைய ஆட்டுக்கும் திறந்துவிடும். கீதாரிகள் கிடை போட வருவார்கள். நட்டு நான்கைந்து மாதமான கன்று அப்போது இடுப்பளவுதான் இருக்கும். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்றால் ஆள் உயரத்துக் கொப்பைக்கூட வளைத்துவிடும். ஆட்டுக்காக வைக்கிற மரம் ஆட்டாலேயே அழிவதை நான் எத்தனையோ வரப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா சீமைக்கருவேல் முள்ளை வெட்டி, ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கூடு போல் கட்டினார். ஒரு நாள் முழுக்க இரண்டு ஆள் வேலை. மறு ஆண்டு முள் மக்கியதும் திரும்பக் கட்டினார். 60 கன்றில் 41 தப்பின.

அடுத்து வந்தது பொறுமைக்கான சோதனை. தண்ணீர் பாய்கிற தோட்டத்தில் சவுண்டலை ஆறு மாதத்தில் வெட்டத் தொடங்கலாம். நம் மானாவாரி நிலத்தில் இரண்டு ஆண்டுகள் கை வைக்கக் கூடாது. இலையை உருவினால் வேர் நின்றுவிடும். வேர் ஆழமாக இறங்காத மரம் முதல் கோடையிலேயே காய்ந்துவிடும். "பச்சையாக நிற்கிறதே, ஒரு கொப்பு ஒடித்தால் என்ன?" என்று அவர் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒடிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில்தான் அரிவாள் பட்டது. தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில், சாய்வாக, பட்டை உரியாமல் வெட்ட வேண்டும். தளிர்த்து இலை நிறைந்ததும் அடுத்த வெட்டு. ஐப்பசியிலிருந்து மாசிக்குள் நான்கு முறை வெட்டினார். பங்குனி முதல் மரத்துக்கு ஓய்வு. காய் முற்றவிடாமல் வெட்டுவதும் முக்கியம். நெற்று வெடித்து விதை சிதறினால் வயலெங்கும் சவுண்டல் முளைக்கும். சீமைக்கருவேலால் பட்ட பாடு நமக்குப் போதும்.

ஒரு மரத்தில் ஒரு வெட்டுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ பச்சைத்தழை கிடைத்தது. 41 மரம், நான்கு வெட்டு என்றால் ஏறக்குறைய 200 கிலோ. காய்ந்தால் 55, 60 கிலோ. ஆறு ஆட்டுக்கு ஆண்டு முழுக்க இது எந்த மூலைக்கு? அதனால்தான் மழைக்காலத்தில் பச்சையாகப் போட வேண்டாம் என்றேன். அப்போது வரப்பெல்லாம் புல் இருக்கிறது. கொப்பைக் கொட்டகை நிழலில் பழைய சேலை விரித்துப் போட்டால் இரண்டு மூன்று நாளில் சிற்றிலைகள் தாமே உதிர்ந்துவிடும். உதறினால் குச்சி தனி, இலை தனி. குச்சி அடுப்புக்கு. இலை கையில் எடுத்தால் பச்சை நிறம் மாறாமல் இருக்க வேண்டும், கசக்கினால் நொறுங்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே சாக்கில் கட்டினால் பூஞ்சை பிடித்து, மக்கிய வாடை அடிக்கும். அதைச் சினையாட்டுக்குக் காட்டவே கூடாது. அவர் சாக்குகளைப் பரணில் அடுக்கினார்.

கணக்கு இதுதான்: ஒரு தாய் ஆட்டுக்கு நாளைக்கு 150 கிராம் உலர் இலை, ஈனுவதற்கு முன் 30 நாள், ஈன்ற பின் 30 நாள். ஆறு ஆட்டுக்கு 54 கிலோ. மூட்டையில் இருந்ததும் அவ்வளவுதான். 150 கிராம் இலையில் 30 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதே எடை வைக்கோலில் 5 கிராம்தான். முதல் நாளே முழு அளவு போடாமல் ஒரு பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றினார்.

சவுண்டலை அளவோடு கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், பழக்கமில்லாத ஆட்டுக்கு முடி கொட்டும், எச்சில் ஒழுகும், தொண்டையில் கழலை வரும், குட்டி நோஞ்சானாகப் பிறக்கும். நம் அளவு அதற்குக் கீழேதான். ஆனாலும் ஒருமுறை அவர் பதறிப்போய் ஓர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், "இலை தின்று கழலை வந்துவிட்டது" என்று. வீக்கம் தொண்டையில் இல்லை, தாடைக்கு அடியில் இருந்தது. விரலால் அழுத்தினேன், மாவில் அழுத்தியதுபோல் குழி விழுந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் காகிதம் போல் இருந்தது. அது இரத்தம் குடிக்கும் குடற்புழு. இலையால் வரும் கழலை மூச்சுக்குழாயின் இரு பக்கமும் கெட்டியாக இருக்கும், அழுத்தினால் குழி விழாது. வித்தியாசம் தெரியாமல் இலையை நிறுத்திவிட்டால், புழுவோடு பட்டினியும் சேர்ந்துகொள்ளும்.

அந்த ஆடியில் ஒன்பது குட்டிகள் பிறந்தன. எட்டுப் பிழைத்தன. மழையும் அந்த ஆண்டு நன்றாக இருந்தது, புழு மருந்தும் காலத்தில் கொடுத்தோம். முழுப் பெயரையும் சவுண்டலுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் ஈன்ற அன்றே நான் மடியைப் பிடித்துப் பார்த்தேன். பால் இருந்தது.

கடலுக்கு இன்னும் நெருக்கமான நிலங்களில் இதே முறை எடுபடாது. சித்திரையில் வரப்பின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்று பாருங்கள். லேசாக இருந்தால் சவுண்டல் சமாளிக்கும். படலமாகப் படிந்தால் இலையோரம் கருகத் தொடங்கி மரம் தேயும். அங்கே பூவரசம் போத்துதான் என் தேர்வு. புரதம் குறைவு, ஆனால் உப்பையும் காற்றையும் தாங்கும், ஆடு விரும்பித் தின்னும். கிளைரிசிடியா போத்து நட எளிது என்று பலரும் கேட்கிறார்கள். உப்பு நிலத்தில் அது வேண்டாம். மேட்டு நிலத்தில் வைத்தவர்கள், வெட்டிய தழையை ஓர் இரவு வாடவிட்டுப் போடுங்கள். பச்சை வாடைக்கு ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் தங்கும் வாய்க்கால் ஓரத்துக்கு அகத்தி ஏற்றது, ஆனால் மொட்டையடித்தால் பட்டுப்போகும். பக்கக் கொப்புகளை மட்டும் கழித்து, உச்சியில் இலை விட வேண்டும்.

அந்த அம்மாவின் மேற்குக் கோடியில் இப்போது நிற்பவை அகத்திதான். பதினோரு கன்று, அத்தனைக்கும் முள்கூடு கட்டியாகிவிட்டது.