இரண்டு பச்சை ஒன்றாக எரியாமல் தடுப்பது எது?

சாலைச் சந்திப்பின் ஓரத்தில் நிற்கும் சிக்னல் பெட்டிக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கணினி இருக்கும். பச்சை, மஞ்சள், எல்லாத் திசைக்கும் சிவப்பு, பிறகு அடுத்த சாலைக்குப் பச்சை என்ற வரிசையை அது நேரம் பார்த்து ஓட்டுகிறது. இந்த நேரங்களுக்குக் கணக்கு உண்டு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் ஓட்டுநர் மஞ்சளைக் கவனிக்க 1 நொடி, சீராக வேகம் குறைத்து நிற்கத் தேவைப்படும் தூரத்தை அதே வேகத்தில் கடக்க ஏறக்குறைய 2.3 நொடி, ஆக மஞ்சள் 3.3 நொடி எரிய வேண்டும். 20 மீட்டர் அகலச் சந்திப்பை 6 மீட்டர் நீள வண்டி முழுவதும் கடக்க இன்னும் 1.9 நொடி ஆகும். அந்த நேரம் முழுக்க எல்லாப் பக்கமும் சிவப்பு.

ஆனால் நிரல் சரியாக ஓடினாலே போதாது. கணினிக்கும் விளக்குக்கும் நடுவே மின்சாரத்தைத் திறந்து மூடும் அரைக்கடத்தி ஸ்விட்ச் இருக்கிறது. அது பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். வடக்கு-தெற்குப் பச்சையின் ஸ்விட்ச் அப்படி ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணினி “அணை” என்று கட்டளையிட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கணினியோ அணைந்துவிட்டதாக எண்ணி, கிழக்கு-மேற்குக்கும் பச்சையைக் கொடுத்துவிடும்.

இதைப் பிடிப்பதற்காகவே அமெரிக்கப் பெட்டிகளில் தனியாக ஒரு முரண் கண்காணிப்புக் கருவி உண்டு. என்ன கட்டளை போயிற்று என்று அது பார்ப்பதில்லை. விளக்குக்குப் போகும் கம்பியில் உண்மையில் மின்னழுத்தம் இருக்கிறதா என்றுதான் அளக்கிறது. எந்தப் பச்சைகள் சேர்ந்து எரியலாம் என்பது, ஒவ்வொரு சந்திப்புக்கும் தனியாகக் கம்பி வைத்துப் பற்றவைக்கும் ஒரு அட்டையில் இருக்கும். அனுமதி இல்லாத ஜோடி 450 மில்லி நொடி நீடித்தால் கருவி செயல்பட்டாக வேண்டும். 200 மில்லி நொடிக்குள் மறைந்துவிடும் கணநேர மின்னழுத்தத்தை அது பொருட்படுத்தக் கூடாது. இல்லாவிட்டால் காரணமே இல்லாமல் சந்திப்பு அடிக்கடி முடங்கும்.

கருவி செயல்பட்டதும், விளக்குகளின் இணைப்பு ஸ்விட்சுகளிலிருந்து பிரிந்து, தனி மினுக்கிக்கு மாறுகிறது. பொதுவாக எல்லாச் சாலைக்கும் சிவப்பு மினுங்கும். ஒட்டிய ஸ்விட்ச் அப்போதும் ஒட்டியேதான் இருக்கும், ஆனால் அதற்கும் விளக்குக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. பழுது தானாக நீங்கினாலும் சந்திப்பு பழைய நிலைக்குத் திரும்பாது. தொழில்நுட்பர் வந்து, கருவியின் திரை எந்தத் தடத்தைக் காட்டுகிறது என்று பார்த்து, காரணத்தைக் கண்டு, கையால் மீட்டமைக்க வேண்டும். இந்தப் பிடிவாதம் மிகவும் தேவையானது என்பேன். விட்டுவிட்டு வரும் பழுதுதான் மிக ஆபத்தானது.

இந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அது அளப்பது பெட்டிக்குள் இருக்கும் முனைகளைத்தான். கம்பத்தின் மேலே சிவப்புக் கம்பியையும் பச்சைக் கம்பியையும் யாராவது மாற்றி இணைத்துவிட்டால், பெட்டியில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அதனால் கம்பத்தில் வேலை முடிந்ததும், ஒவ்வொரு விளக்கையும் வரிசைப்படி எரியவிட்டுச் சாலையில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும்.