அந்தி வானத்துக்கு ஆறு பட்டை போதும்

செங்கோட்டைப் பக்கம் மாலையில் எடுக்கிற படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேற்கே மலைத்தொடர், அதன் முதுகில் சூரியன், முன்னால் வயல், ஓரத்தில் இரண்டு பனை. அப்படியொரு மொபைல் படத்தோடு வந்த அண்ணாச்சி ஒருவர், தன் லாட்ஜ் வரவேற்பறைக்கு 12×18 அங்குலத்தில் போஸ்டர் கேட்டார். "போட்டோ மாதிரி வேண்டாம் தம்பி, சிம்பிளா இருக்கணும்."

இதற்குப் பலரும் மஞ்சளிலிருந்து நீலம் வரை ஒரே கிரேடியன்டாக இழுத்துவிடுவார்கள். அதில் இரண்டு சிக்கல். ஆரஞ்சும் நீலமும் எதிரெதிர் நிறங்கள். நேராகக் கலந்தால் நடுவில் அழுக்குச் சாம்பல்தான் வரும். இன்னொன்று, மேல் வானத்தில் நீலம் மெதுவாக மாறும் இடம். ஆறு அங்குல உயரத்தில் நிறம் பத்துப் படிதான் மாறுகிறது என்றால், ஒவ்வொரு படியும் அரை அங்குலத்துக்கு மேல் அகலமாகி, அச்சில் வேண்டாத கோடுகளாகத் தெரியும். எப்படியும் கோடு விழப்போகிறது என்றால், அதை நாமே தெளிவாகப் போட்டுவிடலாமே!

வானத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் ஒதுக்கி ஆறு பட்டைகளாகப் பிரித்தேன். மலையை ஒட்டிய பட்டை ஒரு அங்குலம், உச்சிப் பட்டை மூன்று, இடையில் உள்ளவை படிப்படியாக அகலும். நிஜ வானத்திலும் அடிவானத்தருகேதான் நிறம் சட்டென்று மாறும். நிறத்தை எடுக்கும் ஐட்ராப்பரைச் சூரியன் மேல் வைத்தால் வெறும் வெள்ளைதான் கிடைக்கும், கேமரா அந்த இடத்தை வெளிறடித்திருக்கும். அதனால் படத்தை நன்றாக பிளர் செய்துவிட்டு, சூரியனிலிருந்து தள்ளி மூன்று நிறங்களை மட்டும் எடுத்தேன்: மஞ்சள் கலந்த ஆரஞ்சு, ரோஜா, கருநீலம். மற்றப் பட்டைகளுக்கான இடைநிறங்களுக்கு, ஆரஞ்சிலிருந்து ரோஜாவுக்கு ஒரு பிளெண்ட், ரோஜாவிலிருந்து கருநீலத்துக்கு இன்னொன்று. நடுவில் ரோஜா நிற்பதால் சாம்பலுக்கு இடமில்லை.

சூரியன் வானத்தில் அரை டிகிரி அளவுதான். படத்தின் அளவிலேயே வரைந்தால், இந்த போஸ்டரில் மூன்று மில்லிமீட்டர் வட்டம்தான் தேறும். மூன்று அங்குலமாகப் பெரிதாக்கி, கீழ்ப் பாதியை மலைக்குப் பின்னால் தள்ளினேன். அவுட்லைன் கிடையாது.

மலைகளை மூன்று அடுக்காக வெட்டினேன். தூரத்து மலைக்கு அதை ஒட்டிய வானப் பட்டையைவிடக் கொஞ்சமே அடர்ந்த நிறம், பக்கத்து மலைக்குக் கருநீலம். பச்சை போடவில்லை. சூரியனுக்கு எதிரே நின்று பார்க்கும்போது மலை பச்சையாகத் தெரிவதே இல்லை. பனையில் ஒன்றை எடுத்துவிட்டேன், அண்ணாச்சி கவனித்துவிட்டு, "இன்னொண்ணு எங்கே?" என்றார். வைத்துக் காட்டினேன், வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஃபைலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் நிறம் வேறாக இருந்தும் வெளிச்சம் ஒன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மேலே உள்ளதை அடர்த்தியாக்க வேண்டும். பிறகு அச்சு மைகளுக்கான நிறமுறையான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றுங்கள். திரையில் எரிகிற ஆரஞ்சு அங்கே மங்கும். மஞ்சளை 100இல் வைத்து, மெஜந்தாவை 50, 55, 60 என்று மாற்றிச் சின்னத் துண்டுகளாக அடித்துப் பார்த்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.